கிரியேட்டர் சர்ச்சையில் சிக்கினால் பிராண்டு என்ன செய்ய வேண்டும்: முதல் மூன்று நாளுக்கான வழிகாட்டி

உங்கள் பிராண்டுக்காக வீடியோ போட்ட ஒருவர் சனிக்கிழமை இரவு ஏதோ பேசிவிடுகிறார். ஞாயிறு காலை உங்கள் பக்கத்தின் கமென்ட் முழுக்க ஒரே கேள்வி: "இவரைத்தான் நீங்கள் விளம்பரத்துக்கு வைத்திருக்கிறீர்களா?" இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த நேரத்தில் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். பதறிப்போய் அறிக்கை எழுத உட்காருகிறார்கள், அல்லது தானாக அடங்கிவிடும் என்று திங்கட்கிழமை வரை காத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டும்.

விளக்கம் எளிதாக இருக்க ஒரு கற்பனை உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். ஒரு ஹெட்ஃபோன் பிராண்டு, கேமிங் நேரலை செய்யும் ஒரு கிரியேட்டருடன் நான்கு வீடியோவுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. இரண்டு வெளியாகிவிட்டன. மூன்றாவது எடுத்து முடித்து, பிராண்டும் ஒப்புதல் கொடுத்து, ஞாயிறு மாலை 6 மணிக்கு வெளியாகும்படி ஷெட்யூல் ஆகியிருக்கிறது. நான்காவது இன்னும் எடுக்கவில்லை. இரண்டாவது வீடியோவைக் கிரியேட்டரின் கணக்கின் பெயரிலேயே காசு கொடுத்து விளம்பரமாகவும் ஓட்டுகிறார்கள். அவர் பெயரில் ஒரு கூப்பன் கோடும் உண்டு. சனிக்கிழமை இரவு மூன்று மணி நேர நேரலையில் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்கிறார். அந்த 40 விநாடித் துண்டு பரவுகிறது. அதில் அவர் தலையில் இருப்பது உங்கள் ஹெட்ஃபோன்.

முதல் ஒரு மணி நேரம்: நிறுத்துவது

நிறுத்துவது என்றால் உறவை முறிப்பது அல்ல. இந்த வேறுபாடுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. நிறுத்தியதை நாளைக்கு மறுபடி தொடங்கலாம், அதற்கு யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. முறித்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் நிறுத்துவதற்கு முழு உண்மையும் தெரிய வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறுத்தும் அதிகாரம் விடுமுறை நாளில் வேலையில் இருக்கும் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

முதலில் நிறுத்த வேண்டியது காசு கொடுத்து ஓடும் விளம்பரம். சாதாரணப் பதிவு கீழே போய்விடும். விளம்பரமோ, நீங்கள் பட்ஜெட் வைத்திருக்கும்வரை புதிது புதிதாக ஆட்களைத் தேடிப் போய் அவர் முகத்தையும் உங்கள் பெயரையும் சேர்த்துக் காட்டும். சர்ச்சை நேரத்தில் அந்த வீடியோவை மக்கள் அதிகம் பார்ப்பார்கள், அதிகம் கமென்ட் போடுவார்கள். கோபத்தில் போட்ட கமென்டையும் விளம்பர அமைப்பு ஆர்வம் என்றே எடுத்துக்கொள்ளலாம். விளம்பரக் கணக்குக்குள் போய், அவர் முகமோ குரலோ இருக்கும் ஒவ்வொரு விளம்பரத்தையும் நிறுத்துங்கள். அவர் கணக்கின் பெயரில் ஓடுபவை, உங்கள் கணக்கின் பெயரில் ஓடுபவை, மற்ற இணையதளங்களில் ஓடும் பேனர்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவது. அது வேறொரு ஏஜென்சியின் கையில் இருக்கும்.

அடுத்தது ஷெட்யூல் செய்தவை. நம் உதாரணத்தில் மாலை 6 மணி வீடியோ. பிராண்டின் பக்கத்தில் மட்டும் பார்த்தால் போதாது. ஷெட்யூல் கிரியேட்டரின் கணக்கிலோ, நடுவில் இருக்கும் ஏஜென்சியின் கருவியிலோ இருக்கலாம். அப்படி இருந்தால் போனில் சொல்லிவிட்டு விடாமல், "இன்று 6 மணி வீடியோவை வெளியிட வேண்டாம், அடுத்த தகவல் வரும்வரை நிறுத்தி வையுங்கள்" என்று எழுத்தில் அனுப்பி, பதில் வாங்க வேண்டும். அந்த வாரத்துக்கு வரிசையில் இருக்கும் மற்றப் பதிவுகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஊரே திட்டிக்கொண்டிருக்கும்போது "இன்றைய ஞாயிறு எப்படிப் போகிறது?" என்று தானாக ஒரு ஜாலிப் பதிவு வெளியானால், அதற்குக் கீழேதான் எல்லாரும் கூடுவார்கள்.

கூப்பன் கோடை மட்டும் உடனே சாகடிக்காதீர்கள். அந்தக் கோடை நம்பிப் பொருளைக் கூடையில் போட்டிருக்கும் வாடிக்கையாளர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருக்கு "இந்தக் கோடு செல்லாது" என்று வந்தால் உங்களுக்கு இரண்டாவதாக ஒரு பிரச்சினை. அதே தள்ளுபடியில் பெயரில்லாத வேறு கோடு ஒன்றை உருவாக்கி, பழைய கோடு கேட்டு வருபவர்களுக்கு அதைக் கொடுங்கள். பழையதை ஒன்றிரண்டு நாளில் மூடலாம்.

அழிப்பதற்கு முன் சேமிப்பது

பழைய வீடியோக்களையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து போன் வரும். பொறுக்கச் சொல்லுங்கள். அழித்தால் முன்பு எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுடன் "சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள்" என்று இரண்டாவது செய்தி வரும். அதைவிட முக்கியமாக, பின்னால் ஒப்பந்தத்தை முடிக்கும்போது உங்களுக்குத் தேவைப்படும் ஆதாரமும் போய்விடும்.

முதலில் சேமியுங்கள். சர்ச்சைக்குரிய துண்டு, முழு நேரலை, அவர் பிறகு போட்ட பதிவுகள், உங்களுடன் சேர்ந்து வெளியிட்ட இரண்டு வீடியோக்கள், அவற்றின் கீழுள்ள கமென்ட்கள் எல்லாம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது இணைய முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் நான்கும் தெரியும்படி எடுங்கள். வெறும் படத்தை வெட்டி எடுத்து வைத்தால் அது எங்கே, எப்போது எடுத்தது என்று ஒரு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. முழு நேரலையை முதலில் எடுத்துவிடுங்கள். அவரே காலையில் எழுந்ததும் அழிக்கப்போவது அதைத்தான்.

சேமித்த பிறகு உங்கள் பக்கத்தில் இருப்பதை மறைக்கலாம். இன்ஸ்டாகிராமில் பதிவை அழிக்காமல் ஆர்க்கைவ் செய்யலாம்; லைக்கும் கமென்டும் அப்படியே இருக்கும். யூடியூபில் வீடியோவைப் பிரைவேட் ஆக்கலாம். இரண்டையும் பிறகு திரும்பக் கொண்டுவர முடியும். இருவர் பெயரிலும் வெளியான கூட்டுப் பதிவு என்றால், அதை முதலில் வெளியிட்டது யார் என்று பாருங்கள். அவர் வெளியிட்டு நீங்கள் இணைந்திருந்தால், நீங்கள் விலகிக்கொள்ளலாம். ஆனால் பதிவு அவர் பக்கத்தில் இருக்கத்தான் செய்யும். அதை எடுக்கச் சொல்வது ஒப்பந்தம் அனுமதித்தால் மட்டுமே கேட்கக்கூடிய விஷயம்.

எவ்வளவு பெரிய தீ என்று அளப்பது

நிறுத்தியாகிவிட்டது, சேமித்தாகிவிட்டது. இப்போது நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும். கமென்ட்களைப் படித்தால் எல்லாமே பூதாகரமாகத் தெரியும், அதனால் எண்ண வேண்டும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சாதாரண நாளில் ஒரு மணி நேரத்துக்கு உங்கள் பிராண்டு பெயர் எத்தனை முறை வருகிறது என்ற எண் கையில் இருந்தால் போதும். நம் பிராண்டுக்கு அது 6 என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு 9 மணிக்கு 12, 11 மணிக்கு 140, ஞாயிறு காலை 8 மணிக்கு 90.

இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் ஒரு 100 கமென்டை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பிரியுங்கள். நம் உதாரணத்தில் 62 பேர் கிரியேட்டரைத்தான் திட்டுகிறார்கள், உங்களை டேக் மட்டும் செய்திருக்கிறார்கள். 23 பேர் "நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். 11 பேர் இனி வாங்க மாட்டோம் என்கிறார்கள். 4 பேர் அவருக்கு ஆதரவு. அதாவது உங்களிடம் பதில் எதிர்பார்ப்பவர்கள் 34 பேர். இந்த 34 கமென்டும் 34 தனிக் கணக்குகளிலிருந்து வந்தவையா, அல்லது நாலைந்து பேர் திரும்பத் திரும்பப் போடுகிறார்களா என்று பாருங்கள். பிறகு வாடிக்கையாளர் சேவையின் மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். பொருளைத் திருப்பித் தருகிறேன் என்று ஆர்டர் எண்ணோடு எழுதும் ஒருவர், கமென்டில் திட்டும் நூறு பேரைவிடக் கனமான அறிகுறி. கடைக்காரரோ விநியோகஸ்தரோ போன் செய்தால் அதைவிடக் கனம்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உங்களிடமே கேள்வி கேட்கிறது என்றால் பேசித்தான் ஆக வேண்டும். நூற்றில் ஐந்தாறு பேர் மட்டும் உங்களிடம் பதில் கேட்டால், நீங்கள் வெளியிடும் அறிக்கைதான் மற்றவர்களுக்கு உங்களை அறிமுகப்படுத்தும். இவை எங்கள் நடைமுறைக் கணக்கு, வேதவாக்கு அல்ல. ஆனால் இரவு 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவைவிட இந்தக் கணக்கு நல்லது.

நடந்தது என்ன வகை

40 விநாடித் துண்டை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அந்தத் துண்டுக்கு முந்தைய பத்து நிமிடத்தையும் பிந்தைய பத்து நிமிடத்தையும் ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டும். வேறொருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் கண்டித்திருக்கலாம். அல்லது துண்டில் வந்ததைவிட மோசமாக இன்னும் ஏதாவது இருக்கலாம். இரண்டும் நடப்பதுதான்.

பார்த்த பிறகு மூன்று வகையில் ஒன்றில் வைக்கலாம். முதல் வகை, அவர் செய்ததுதான் என்று கண்ணுக்கு முன் தெரிவது. இரண்டாவது, அவர்மீது யாரோ சொல்லும் குற்றச்சாட்டு, இன்னும் உறுதியாகவில்லை. மூன்றாவது, அவர் எதுவும் தவறு செய்யவில்லை, அவர் யார் என்பதற்காகவே ஒரு கூட்டம் அவரைத் தாக்குகிறது.

இரண்டாவது வகையில் நிறுத்தி வைப்பதோடு நிற்க வேண்டும். 2015 ஜூலையில் சப்வே உணவக நிறுவனத்தின் விளம்பர முகமான ஜாரட் ஃபோகிளின் வீட்டை அமெரிக்கப் புலனாய்வு அதிகாரிகள் சோதனையிட்டார்கள். அன்றே நிறுவனம் உறவை இடைநிறுத்தியது. ஆகஸ்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார் என்பது தெரியவந்தபோது முழுதாக முடித்துக்கொண்டது. முதல் நாளே அவரைக் குற்றவாளி என்று எழுதியிருந்தால், அது பொய்யாகிப் போன பட்சத்தில் அவதூறு வழக்கு நிறுவனத்தின்மேல் வந்திருக்கலாம்.

மூன்றாவது வகையில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 2023 ஏப்ரலில் பட் லைட் பீர், டிலன் மல்வேனி என்ற திருநங்கைக் கிரியேட்டருடன் செய்த ஒரு சின்ன விளம்பரத்துக்காகப் பெரிய புறக்கணிப்பைச் சந்தித்தது. இரண்டு வாரம் கழித்து வந்த தலைமை அதிகாரியின் அறிக்கை அவர் பெயரையே சொல்லாமல் பொதுவாக இருந்தது. எதிர்த்தவர்கள் அடங்கவில்லை, ஆதரித்தவர்களும் கோபமடைந்தார்கள். நிறுவனம் தன்னைத் தொடர்புகொள்ளவே இல்லை என்று மல்வேனி அந்த ஜூனில் சொன்னது தனிச் செய்தியானது. இரண்டு பக்கத்தையும் சமாதானம் செய்ய எழுதும் அறிக்கை இரண்டு பக்கத்தையும் இழக்கும். தவறு செய்யாதவர் என்றால் அவர் பக்கம் நிற்பதா என்பதை முதல் இரண்டு நாளிலேயே தீர்மானியுங்கள். அவரிடம் பேசுங்கள்.

நம் ஹெட்ஃபோன் கதை முதல் வகை. முழு நேரலையையும் பார்த்தாயிற்று, அவர் பேசியதுதான்.

கிரியேட்டருடன் பேசுவது

வெளியே அறிக்கை போகும் முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அறிக்கையை அவர் இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டால், அடுத்த நேரலையின் தலைப்பு நீங்கள்தான். வழக்கமாக அவருடன் பேசும் ஆளே போன் செய்யட்டும். வழக்கறிஞர் நேரடியாக அழைத்தால் அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் மேனேஜரிடம் தள்ளிவிடுவார். ஆனால் என்ன பேசப்போகிறோம் என்பது வழக்கறிஞருக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்றுதான். நடந்தது இதுதானா? நீங்கள் வெளியே ஏதாவது சொல்லப்போகிறீர்களா, எப்போது? நாங்கள் தெரிந்திருக்க வேண்டிய வேறு ஏதாவது இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலோ மௌனமோதான் பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது. அவருடைய மன்னிப்பு வீடியோவை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அது வெளியே தெரிந்தால் அவர் பேசியதற்கு நீங்களும் பங்காளி. போனை வைத்ததும் பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சலாக அவருக்கே அனுப்பி வையுங்கள்.

முதல் அறிக்கை

முடிவு இன்னும் எடுக்காதபோது போடும் முதல் அறிக்கை மூன்று வாக்கியத்தைத் தாண்டக் கூடாது: தெரியும், இதைச் செய்திருக்கிறோம், இந்த நேரத்துக்குள் அடுத்தது சொல்கிறோம். ஞாயிறு காலை 10 மணிக்கு நம் பிராண்டு போடுவது இப்படி இருக்கலாம்:

"நேற்றிரவு நேரலையில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி வந்த பேச்சை நாங்கள் பார்த்தோம். அந்தக் கிரியேட்டருடனான எங்கள் விளம்பரங்கள் அனைத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். எங்கள் முடிவைத் திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் இதே பக்கத்தில் தெரிவிப்போம்."

"அனைத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்று எழுதும் முன் உண்மையிலேயே அனைத்தும் நின்றுவிட்டதா என்று வேறொருவர் போனில் சரிபார்க்கட்டும். அறிக்கை வந்த அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர் இன்னும் ஓடும் பேனரைப் படம் பிடித்துப் போட்டால், மற்ற இரண்டு வாக்கியத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். "அவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதுவதும் இதே வகைத் தவறு. இரண்டு வீடியோ வெளியாகியிருக்கிறது.

ஒவ்வொரு கமென்டுக்கும் இதையே ஒட்டி ஒட்டிப் பதில் போட வேண்டாம். அறிக்கையைப் பக்கத்தின் மேலே பின் செய்யுங்கள். கேள்வி கேட்பவர்களுக்கு ஒரு வரியில் அதைச் சுட்டிக்காட்டுங்கள். வசைச்சொல் இருக்கும் கமென்டை மறைக்கலாம். உங்களை விமர்சிக்கும் கமென்டை மறைக்கக் கூடாது. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களுக்கு இரண்டே பதில் எழுதிக் கொடுங்கள்: ஒன்று கருத்துச் சொல்பவர்களுக்கு, இன்னொன்று பொருளைத் திருப்பித் தர விரும்புபவர்களுக்கு. நிருபர் அழைத்தால் யாரிடம் மாற்றிவிட வேண்டும் என்ற ஒரு பெயரும் அவர்களிடம் இருக்க வேண்டும்.

முடித்துக்கொள்வதும் கணக்குத் தீர்ப்பதும்

ஒப்பந்தத்தில் பொதுவாக நடத்தைப் பிரிவு ஒன்று இருக்கும். பிராண்டின் நற்பெயருக்குக் களங்கம் வரும்படி நடந்தால் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பிரிவு. அதில் நான்கு விஷயத்தைத் தேடுங்கள். களங்கம் என்று தீர்மானிப்பது யார், குற்றம் நிரூபணமாக வேண்டுமா அல்லது பேச்சே போதுமா, எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே செய்த வேலைக்குப் பணம் உண்டா. "நீதிமன்றத்தில் தண்டனை பெற்றால்" என்று மட்டும் இருந்தால் நம் உதாரணத்தில் அந்தப் பிரிவு உதவாது. அவருக்கு அப்படி ஒரு தண்டனை இன்னும் வரவில்லை. அப்போது பேசித் தீர்ப்பதுதான் வழி.

பணக் கணக்கைப் பார்ப்போம். மொத்தத் தொகை 100 பங்கு. முன்பணம் 40, பிறகு ஒவ்வொரு வீடியோ வெளியானதும் 15. இரண்டு வீடியோவுக்கு 30 சேர்ந்து இதுவரை 70 கொடுத்தாயிற்று. தகராறு மூன்றாவது வீடியோவில் வரும். "எடுத்தோம், நீங்களே ஒப்புதல் கொடுத்தீர்கள், நிறுத்தியது நீங்கள்" என்று அவருடைய மேனேஜர் கேட்பார். அது நியாயம், அந்த 15ஐக் கொடுத்துவிடுங்கள். நான்காவது வீடியோவின் 15 கிடையாது. முன்பணத்தில் நான்காவதுக்கு உரிய பங்கு என்று பார்த்தால் 10 திரும்ப வர வேண்டும். அதைக் கேட்க ஒப்பந்தம் இடம் கொடுத்தாலும் விட்டுவிடுவதே எங்கள் கணிப்பில் மலிவு. அந்த 10ஐ விட்டுக்கொடுத்து, பதிலுக்கு அவர் பக்கத்திலிருக்கும் இரண்டு வீடியோவையும் மறைப்பது, இரு தரப்பும் இதைப் பற்றி இனிப் பொதுவில் பேசாமலிருப்பது ஆகிய இரண்டையும் எழுத்தில் வாங்கலாம். ஆக 85 பங்கில் விஷயம் முடிகிறது.

அவர் பெயரில் பொருளே இருந்தால் கணக்கு வேறு. 2022 அக்டோபர் 6 அன்று அடிடாஸ், ராப் பாடகர் கான்யே வெஸ்டுடனான கூட்டணியை மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லி, 25ஆம் தேதிதான் முடித்துக்கொண்டது. அந்த மூன்று வாரத் தாமதத்துக்கு அடியில் இருந்தது, அவருடன் சேர்ந்து விற்ற யீஸி காலணி வியாபாரம். அந்த ஆண்டின் நிகர வருமானத்தில் 25 கோடி யூரோ வரை அடி விழும் என்று நிறுவனமே மதிப்பிட்டது. கிடங்கில் தேங்கிய காலணிகளை 2023 மே மாதத்திலிருந்து தவணை தவணையாக விற்று, வருமானத்தில் ஒரு பகுதியை நன்கொடையாகக் கொடுத்தது. உங்கள் கிரியேட்டரின் பெயர் பெட்டியிலேயே அச்சாகியிருந்தால், ஒப்பந்தத்தை முடிக்கும் நாளிலேயே கிடங்கில் எத்தனை பெட்டி இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை 5 மணிக்குள் வரும் இரண்டாவது அறிக்கையும் குட்டையாகவே இருக்கட்டும்:

"அந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. அவருடனான ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டோம். அவருடைய கூப்பன் கோடில் ஆர்டர் செய்தவர்களுக்குத் தள்ளுபடி மாறாமல் கிடைக்கும்."

எங்கள் விழுமியங்கள், எங்கள் பயணம் என்றெல்லாம் நீட்டினால் அந்த வார்த்தைகளை உங்கள் பழைய விளம்பரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புக்கு நன்கொடை கொடுப்பதாக இதே அறிக்கையில் சேர்க்கவும் வேண்டாம். கொடுக்க மனமிருந்தால் பிறகு, அந்த அமைப்பிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மறுபடி தொடங்குவது

பிராண்டு பெயர் வரும் எண்ணிக்கை சாதாரண நாளின் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கி, மூன்று நாள் அங்கேயே நின்றால் வழக்கமான விளம்பரங்களைத் திரும்பத் தொடங்கலாம். நம் பிராண்டுக்கு அது மணிக்கு 12. முதல் பதிவு பொருளைப் பற்றியதாக, சாதாரணமாக இருக்கட்டும். வேறொரு கிரியேட்டரின் முகத்தோடு தொடங்கினால் கமென்ட்களெல்லாம் அவர்மேல் திரும்பும். அவருக்கு அந்தத் தண்டனை தேவையில்லை. அடுத்த ஒப்பந்தத்தை எழுதும்போது நடத்தைப் பிரிவுக்கு மேலே தனியாக இன்னொரு பிரிவு சேருங்கள்: காரணம் உறுதியாகும் முன்பே, ஒரு மின்னஞ்சலில், 30 நாள் வரை விளம்பரத்தை நிறுத்தி வைக்கும் உரிமை பிராண்டுக்கு உண்டு, அந்த நாட்களில் ஒப்புதல் பெற்ற வேலைக்கான பணம் நிற்காது. இரண்டாம் பாதி இருந்தால் முதல் பாதியில் கிரியேட்டர்கள் தயங்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.